0.11 என்ற எண் காட்டிக்கொடுத்த தவறு: அசிட்டேட் தாங்கல் கரைசலில் ஒரு மில்லிலிட்டர் காரம்

நூறு மில்லிலிட்டர் அசிட்டேட் தாங்கல் கரைசலில் ஒரு மில்லிலிட்டர் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்து, சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் pH எவ்வளவு என்று அளந்து, கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டுமே நான் செய்ய நினைத்த வேலை. ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய இந்த வேலை இரண்டு நாட்களை எடுத்துக்கொண்டது. கணக்கு 4.76 என்று தொடங்கி 4.85 என்று முடிந்தது, மீட்டரோ 4.45 என்று தொடங்கி 4.56 என்று முடித்தது. ஏறிய அளவை மட்டும் பார்த்தால், எதிர்பார்த்த 0.09-க்குப் பதிலாக 0.11 கிடைத்திருந்தது. அந்த 0.02 வித்தியாசத்தை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கிவிடவே முதலில் நினைத்தேன். தொடக்க எண்ணில் இருந்த 0.3 பற்றாக்குறைதான் என்னை விடவில்லை.

கரைசல்களைத் தயாரித்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தவறு அங்கேதான் நடந்தது. 500 மி.லி. திட்டக் குடுவையில், முன்பே செறிவு கண்டறிந்து வைத்திருந்த 1.00 மோலார் அசிட்டிக் அமிலத்தைப் பிப்பெட்டால் 50 மி.லி. எடுத்து ஊற்றினேன். சோடியம் அசிட்டேட் 4.10 கிராம் எடைபோட்டு, சிறிது வாலைவடிநீரில் கரைத்து அதே குடுவையில் சேர்த்து, குறிவரை நீர் ஊற்றிக் குலுக்கினேன். சோடியம் அசிட்டேட்டின் மோலார் நிறை 82.03 என்பதால் 4.10 கிராம் என்பது 50 மில்லிமோல். அமிலமும் 50 மில்லிமோல். ஆக இதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு நூறு மில்லிலிட்டரிலும் அமிலம் 10 மில்லிமோல், அசிட்டேட் 10 மில்லிமோல் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் எடைத்தட்டில் இருக்கும்போதே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பளபளக்கத் தொடங்கிவிடும். கார்பன் டைஆக்சைடையும் உறிஞ்சும். ஆகவே எடைபோட்டுத் தயாரித்த கரைசலை அப்படியே 1 மோலார் என்று நம்ப முடியாது. உலர்த்திய பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் 1.021 கிராம், அதாவது 5.00 மில்லிமோல் எடுத்து நீரில் கரைத்து, பினாப்தலீன் சேர்த்து, பியூரெட்டிலிருந்து காரத்தை விட்டுப் பார்த்ததில், இளஞ்சிவப்பு நிலைத்து நின்ற இடம் 5.05 மி.லி. ஆக இருந்தது. எனவே காரத்தின் செறிவு 0.990 மோலார்; ஒரு மில்லிலிட்டரில் 0.99 மில்லிமோல். இந்தச் செறிவுள்ள காரம் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு நேரும் என்பதால், வேலை முழுவதும் கண்ணாடிக் கவசம் அணிந்தே செய்தேன்.

எதிர்பார்ப்பைக் கணக்கிட்ட சமன்பாடு பாடநூலில் உள்ளதுதான்.

```
pH = pKa + log([CH3COO-] / [CH3COOH])
```

அசிட்டிக் அமிலத்தின் pKa 25 டிகிரி செல்சியஸில் 4.76. இரண்டும் சம அளவில் இருந்தால் மடக்கைப் பகுதி சுழியாகி, pH 4.76 என்று வரும். வலிமையான காரம் விழுந்ததும் அதிலுள்ள ஹைட்ராக்சைடு அயனிகள் ஏறத்தாழ முழுவதும் அசிட்டிக் அமிலத்தோடு வினைபுரிந்து அதை அசிட்டேட்டாக மாற்றிவிடும். அமிலம் 10-லிருந்து 9.01 ஆகவும், அசிட்டேட் 10-லிருந்து 10.99 ஆகவும் மாறும். அவற்றின் விகிதத்தின் மடக்கை 0.086. கன அளவு இரண்டுக்கும் பொது என்பதால், நூறு மில்லிலிட்டர் நூற்றொன்றாக மாறியது விகிதத்தைத் தொடாது. செறிவைக் கணக்கிடாமல் மில்லிமோல்களை அப்படியே போட்டாலும் விடை ஒன்றே.

அளவீட்டில் என் முதல் பிழை அவசரம். காந்தக் கலக்கியை இயக்காமல், பிப்பெட்டின் நுனியை மின்முனைக்கு அருகிலேயே வைத்துக் காரத்தை விட்டுவிட்டேன். திரையில் எண் 4.45-லிருந்து ஒரே தாவலில் எட்டைக் கடந்து, பிறகு மெல்லச் சரிந்து, ஐந்துக்குச் சற்று மேலே வந்து தயங்கி நின்றது. மீட்டர் பழுதாகிவிட்டது என்று கூட ஒரு கணம் தோன்றியது. கலக்கியை இயக்கிய சில நொடிகளில் 4.56-க்கு இறங்கி நிலைத்துவிட்டது. மின்முனையின் கண்ணாடிக் குமிழ் தன்னைச் சுற்றியுள்ள மெல்லிய நீரடுக்கை மட்டுமே அறியும். பீக்கரின் மறுபக்கத்தில் அமிலம் காத்துக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது.

இதைக் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று, பயன்படுத்தி முடித்த கரைசலில் கொஞ்சத்தை வேறொரு சிறு பீக்கரில் எடுத்து, இரண்டு துளி பினாப்தலீன் விட்டு, கலக்காமல் ஒரு துளி காரத்தை விட்டேன். துளி விழுந்த இடத்திலிருந்து கருஞ்சிவப்பு நூல் ஒன்று சுருண்டு சுருண்டு அடிவரை இறங்கியது. காரம் நீரைவிட அடர்த்தியானது என்பதால் அது அடியில் போய்ப் படிந்து, விளிம்பிலிருந்து உள்நோக்கி நிறமிழந்துகொண்டே வந்தது. கண்ணாடிக் கோலால் ஒரு சுற்று சுற்றியதும் நிறம் முழுவதும் மறைந்தது. அந்த நூலுக்குள் pH ஒன்பதைத் தாண்டியிருந்தது. அதிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி நாலரை. கலக்கும்வரை தாங்கல் கரைசல் என்று ஒன்று அங்கே இல்லை, அமிலமும் காரமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

இதன் பிறகு மின்முனையைக் கரைசலின் ஓர் ஓரத்திலும் பிப்பெட்டின் நுனியை எதிர் ஓரத்திலும் வைத்து, கலக்கி மிதமாகச் சுழலும்போது, காரத்தைத் துளித்துளியாக விட்டேன். விட்டு முடித்து ஒரு நிமிடம் கழித்தே எண்ணைக் குறித்துக்கொண்டேன். முதல் மாதிரியையும் சேர்த்து மூன்று மாதிரிகளில் கிடைத்தவை: 4.45-லிருந்து 4.56, மீண்டும் 4.45-லிருந்து 4.56, மூன்றாவது முறை 4.45-லிருந்து 4.55. எண்கள் ஒன்றோடொன்று நன்றாகவே ஒத்துப்போயின, கணக்கோடுதான் ஒத்துப்போகவில்லை. திரும்பத் திரும்ப ஒரே எண் வந்தால் அது சரியான எண் என்று மனம் நம்பத் தொடங்கிவிடுகிறது. ஒரே குடுவையிலிருந்து எடுத்த மூன்று மாதிரிகள் அந்தக் குடுவையின் தவறை மும்முறை சொல்லும் என்பதை நான் அன்று இரவு வரை யோசிக்கவில்லை.

முதல் சந்தேகம் இயல்பாகவே மீட்டரின் மேல் விழுந்தது. 4.01, 7.00 ஆகிய இரண்டு நியமத் தாங்கல்களால் மீண்டும் அளவுதிருத்தம் செய்தேன். சரிவு 98 விழுக்காடு என்று காட்டியது. அதாவது ஒரு pH அலகுக்கு 25 டிகிரியில் வர வேண்டிய 59.16 மில்லிவோல்ட்டில் 98 விழுக்காட்டை மின்முனை தருகிறது. இது நல்ல நிலையில் உள்ள மின்முனை. திருத்தம் முடிந்த பின் 4.01 நியமத்தின் புதிய பகுதி ஒன்றை அளந்தபோது 4.01 என்றே காட்டியது. குடுவையில் எஞ்சியிருந்த என் கரைசலை அளந்தால் அதே 4.45. நாம் அளக்கப்போகும் எண்ணுக்கு இருபுறமும் நியமங்கள் இருக்க வேண்டும் என்பதால் 4.01-உம் 7.00-உம் இங்கே பொருத்தம்; 7-ஐயும் 10-ஐயும் வைத்துத் திருத்திவிட்டு நாலரையை அளந்திருந்தால் இந்த முடிவை நான் நம்பியிருக்க மாட்டேன்.

மீட்டரைப் பற்றி யோசித்தபோது இன்னொன்றும் புலப்பட்டது. மீட்டரில் நிலையான விலகல் ஒன்று இருந்தால், அது முன் அளவீட்டிலும் பின் அளவீட்டிலும் ஒரே அளவில் இருக்கும், கழிக்கும்போது மறைந்துவிடும். சரிவில் இரண்டு விழுக்காடு பிழை திருத்தப்படாமல் இருந்தாலும், 0.11-இல் அது 0.002 மட்டுமே. மின்முனையைக் கரைசலிலிருந்து எடுக்காமல், கழுவாமல், ஒரே இருப்பில் முன்னும் பின்னும் அளந்தால், தனித்தனி எண்களைவிட அவற்றின் வித்தியாசம் நம்பகமானது. ஆகவே நான் அலட்சியமாக ஒதுக்க நினைத்த 0.11 உண்மையில் என்னிடமிருந்த எண்களிலேயே உறுதியானது.

அடுத்துக் காரத்தின் செறிவு. காரம் நினைத்ததைவிடச் செறிவாக இருந்தால் மாற்றம் கூடும் என்பது சரிதான். ஆனால் தொடக்க pH-ஐ அளந்தபோது காரம் இன்னும் புட்டியிலேயே இருந்தது. 4.45 என்ற எண்ணுக்கு அதைப் பொறுப்பாக்க வழியில்லை. தாலேட்டால் செறிவு கண்டறியப்பட்டதும் ஆகிவிட்டது.

இனி எஞ்சியது கரைசலே. இங்கே 4.76 என்ற என் எதிர்பார்ப்பே ஓரளவு பிழை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. சமன்பாட்டில் வரும் pKa, மிக நீர்த்த கரைசலுக்கு உரியது. 0.1 மோலார் உப்பு கரைந்துள்ள நீரில் ஒவ்வொரு அசிட்டேட் அயனியையும் நேர்மின்சுமையுடைய சோடியம் அயனிகளின் கூட்டம் சூழ்ந்திருப்பதால், அது தன் செறிவைவிடக் குறைவான செறிவில் இருப்பது போலவே வினைகளில் நடந்துகொள்கிறது. அசிட்டிக் அமிலத்துக்கு மின்சுமை இல்லை என்பதால் அதற்கு இந்தக் குறைவு அநேகமாக இல்லை. எனவே செறிவுகள் சமமாக இருந்தாலும், செயல்படும் அளவில் அசிட்டேட் சற்றுக் குறைந்து, pH கீழே இறங்கும். 0.1 மோலார் அமிலமும் 0.1 மோலார் அசிட்டேட்டும் கொண்ட கரைசலின் pH 25 டிகிரியில் 4.65 என்பது நன்கு நிறுவப்பட்ட அளவு. அக்கரைசலையே மீட்டரைச் சரிபார்க்கவும் பயன்படுத்துவார்கள். ஆக 4.65 வந்திருந்தால் என் கரைசல் சரி. எனக்கு வந்தது 4.45. இன்னும் 0.20 பாக்கி.

இந்த 0.20-ஐ விகிதமாக மாற்றினால் 0.63. அசிட்டேட்டின் அளவு அமிலத்தின் அளவில் 0.63 பங்கு மட்டுமே இருக்கிறது என்று பொருள். இதற்கு இரண்டு வழிகள் உண்டு: அமிலம் சரியாக 10 மில்லிமோல் இருந்து அசிட்டேட் 6.3 ஆகக் குறைந்திருக்கலாம். அல்லது அசிட்டேட் சரியாக 10 இருந்து அமிலம் 15.9 ஆகக் கூடியிருக்கலாம். தொடக்க pH-ஐ மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரித்தறியவே முடியாது, ஏனெனில் அது விகிதத்தை மட்டும்தான் சொல்லும். காரம் சேர்த்த பிறகு ஏற்படும் மாற்றமோ விகிதத்தோடு அளவையும் சேர்த்துச் சொல்லும்.

இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்தேன். முதல் வழியில், 6.3-க்கு 10 என்றிருந்தது, காரம் சேர்த்தபின் 7.29-க்கு 9.01 ஆகும், pH 0.11 ஏறும். இரண்டாம் வழியில், 10-க்கு 15.9 என்றிருந்தது 10.99-க்கு 14.91 ஆகும்; ஏற்றம் 0.07 மட்டுமே. என் மூன்று மாதிரிகளும் 0.10-க்கும் 0.11-க்கும் இடையில் நின்றன. எனவே அமிலம் கூடவில்லை, அசிட்டேட்தான் குறைந்திருக்கிறது. 0.02 வித்தியாசம்தானே என்று நான் தள்ளிவிட நினைத்த எண் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

தாளில் வந்த முடிவைக் குடுவையிலும் உறுதிசெய்ய, மறுநாள் காலை இன்னொரு நூறு மில்லிலிட்டரை எடுத்து, இம்முறை ஒரு மில்லிலிட்டரோடு நிறுத்தாமல் பியூரெட்டிலிருந்து காரத்தைத் தொடர்ந்து விட்டேன். 5 மி.லி. விட்டபோது pH 4.98, 9 மி.லி. விட்டபோதும் 5.8-க்குள்தான் இருந்தது. அதுவரை ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் சோம்பலாக நகர்ந்த எண், பத்தாவது மில்லிலிட்டரில் 6.8-க்கு வந்து, அடுத்த 0.2 மில்லிலிட்டரில் 10.8-க்குத் தாவியது. அமிலம் முழுவதும் தீரும் சமான புள்ளி 10.1 மி.லி.; 0.990 மோலாரில் அது சரியாக 10.0 மில்லிமோல். அமிலம் 15.9 மில்லிமோல் இருந்திருந்தால் இந்தத் தாவல் பதினாறு மில்லிலிட்டருக்கு வந்திருக்கும். அமிலத்தின் மேலிருந்த சந்தேகம் இதோடு தீர்ந்தது.

அசிட்டேட் குறைய என்ன காரணம்? நான் எடைபோட்ட தாளில் 4.10 கிராம் என்றே எழுதியிருந்தது, தராசிலும் பிழையில்லை. அலமாரியிலிருந்து உப்புப் புட்டியை எடுத்துச் சீட்டைப் படித்தேன். பெயர் பெரிய எழுத்தில் சோடியம் அசிட்டேட் என்றுதான் இருந்தது. அதன் கீழே, கட்டைவிரலால் மறையும் அளவுக்குச் சிறிய எழுத்தில்:

```
CH3COONa·3H2O
M = 136.08
```

நான் நீரற்ற உப்பின் மோலார் நிறையை வைத்துக் கணக்கிட்டு, மூன்று நீர் மூலக்கூறுகள் சேர்ந்த நீரேறிய உப்பை எடைபோட்டிருக்கிறேன். 4.10 கிராமில் ஐந்தில் இரண்டு பங்கு வெறும் நீர். 82.03-ஐ 136.08-ஆல் வகுத்தால் 0.603, நூறு மில்லிலிட்டரில் அசிட்டேட் 6.03 மில்லிமோல். நான் pH-லிருந்து ஊகித்தது 0.63, உண்மையில் இருந்தது 0.60. இந்தச் சிறு இடைவெளிக்கும் விளக்கம் உண்டு: உப்பு குறைவாக இருந்ததால் அயனிகளின் நெரிசலும் குறைந்து, சமன்பாட்டிலிருந்து கழிக்க வேண்டிய அளவு 0.11-க்குப் பதிலாக 0.09 ஆகிவிட்டது. 4.65 என்ற ஒப்பீட்டு எண் சரியான கரைசலுக்கு உரியது, என் கரைசலுக்கு உரியதன்று.

பார்வையிலேயே இதைக் கண்டுபிடித்திருக்கலாம் என்பது இன்னும் உறுத்துகிறது. நீரேறிய உப்பு பெரும்பாலும் நிறமற்ற, கண்ணாடி போன்ற படிகங்களாக இருக்கும்; நீரற்றது வெண்பொடி. என் எடைத்தட்டில் இருந்தவை கல்லுப்பு போல மின்னிய படிகங்கள். பார்த்தேன், ஆனால் படிக்கவில்லை.

சீட்டிலுள்ள மோலார் நிறைக்கு ஏற்ப 6.80 கிராம் எடைபோட்டு, மற்றதெல்லாம் முன்போலவே வைத்து, புதிதாக 500 மி.லி. தயாரித்தேன். தொடக்க pH 4.65 என்று வந்தபோது எண் நிலைக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன் என்றால் மிகையில்லை. ஒரு மில்லிலிட்டர் காரம் சேர்த்தபின் மூன்று மாதிரிகளில் 4.74, 4.73, 4.74. ஏற்றம் 0.08 அல்லது 0.09, கணக்கு சொன்னது 0.086. காரத்துக்குப் பதிலாக ஒரு மில்லிலிட்டர் வாலைவடிநீரை மட்டும் சேர்த்த மாதிரியில் எண் 4.65-லேயே நின்றது, ஆகவே இந்த ஏற்றம் நீர்த்தலால் வந்ததன்று. வெப்பத்தையும் பார்த்துக்கொண்டேன்: ஒரு மில்லிமோல் நடுநிலையாக்கல் விடும் வெப்பம் நூறு மில்லிலிட்டர் நீரை 0.15 டிகிரி கூட உயர்த்தாது. அசிட்டேட்டின் pKa வெப்பநிலைக்கு அநேகமாக அசைவதில்லை என்பதும் இங்கே உதவி. டிரிஸ் தாங்கலில் இதைச் செய்திருந்தால், அதன் pKa ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.028 இறங்கும் என்பதால், அறை மூன்று டிகிரி சூடானாலே நான் அளக்க வந்த மாற்றம் முழுவதும் மறைந்துபோயிருக்கும்.

ஒப்பீட்டுக்கு வெறும் நீரிலும் அதே ஒரு மில்லிலிட்டரைச் சேர்க்க வேண்டுமே என்று வாலைவடிநீரில் மின்முனையை வைத்தால், எண் 6.3, 6.1, 5.9 என்று இறங்கிக்கொண்டே போனது; நிற்கவே இல்லை. தூய நீரில் மின்னோட்டத்தைச் சுமக்க அயனிகள் போதாது, தாங்கும் திறனும் இல்லை. காற்றிலிருந்து கரையும் கார்பன் டைஆக்சைடே அதை அமிலப்பக்கம் இழுத்துவிடும். நூறு மில்லிலிட்டர் நீரில் 0.746 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்து 0.1 மோலார் ஆக்கிய பிறகு மின்முனை அமைதியடைந்தது. தாங்கல் கரைசலில் உள்ள அதே அயனி நெரிசல் இங்கும் இருப்பதால் ஒப்பீடும் நியாயமானது. தொடக்க எண்ணை ஆறுக்கு அருகில் என்று மட்டுமே எழுதிக்கொண்டேன், இரண்டாம் தசம இடத்துக்கு இங்கே பொருளில்லை. காரம் சேர்த்ததும் 11.9. கிட்டத்தட்ட ஆறு அலகு ஏற்றம். தாங்கல் கரைசலில் அதே காரத்துக்கு 0.09.

கடைசியாக ஒன்றைச் செய்து பார்த்தேன். சரியான தாங்கல் கரைசலில் 10 மி.லி. எடுத்து, நீர் சேர்த்து நூறு மில்லிலிட்டர் ஆக்கினேன். விகிதம் மாறவில்லை என்பதால் தொடக்க pH 4.71, அயனிகள் குறைந்ததால் ஏற்பட்ட சிறு ஏற்றம் அது. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இதுவும் முந்தைய கரைசலும் ஒன்றுதான். ஆனால் இதில் அமிலம் இருப்பது ஒரே ஒரு மில்லிமோல். நான் சேர்க்கும் காரம் 0.99 மில்லிமோல். முதல் அரை மில்லிலிட்டர் வரை எண் நிதானமாக ஏறியது, முக்கால் மில்லிலிட்டருக்கு மேல் துளிக்குத் துளி தாவியது. ஒரு மில்லிலிட்டர் முடிந்தபோது முதல் மாதிரியில் 7-ஐ ஒட்டிய எண், அடுத்த மாதிரியில் 8-ஐத் தாண்டிய எண். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பிப்பெட்டின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த காரத்துளியின் ஒரு சிறு பகுதிதான். அமிலத்தில் எஞ்சுவது நூறில் ஒரு பங்கு மில்லிமோல் என்னும்போது பிப்பெட்டின் ஒரு விழுக்காடு பிழை அதை முழுவதும் விழுங்கிவிடும். மூன்றாவது மாதிரியை அளந்து சராசரி காண்பதில் பொருளில்லை என்று அங்கேயே நிறுத்தி, குறிப்பேட்டில் அந்த வரிசையின் பின் pH கட்டத்தைக் காலியாகவே விட்டேன்.